பழைய சம்பளக் கணக்கும் படித்த காலத்துச் சேமிப்பும்: ஓய்வு பெற்ற வங்கி அலுவலரிடம் கேட்டவை

ஓசூரிலிருந்து ஒரு இயந்திரப் பணியாளர்: ஸ்ரீபெரும்புதூரில் பார்த்த வேலையை 2018-இல் விட்டேன். சம்பளக் கணக்கில் எட்டாயிரம் ரூபாய் அளவுக்கு இருந்தது. கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கிப் பணத்தைத் தேட ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உத்கம் தளத்தில் தேடினால் எதுவும் இல்லை என்று வருகிறது. பணம் போய்விட்டதா, ஐயா?

போகவில்லை. நீங்கள் தேடிய இடம்தான் உங்கள் பணம் இருக்கும் இடம் அல்ல. கணக்கு வைத்திருப்பவர் தாமாகப் பணம் போடுவது, எடுப்பது போன்ற எதையும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செய்யாவிட்டால் வங்கி அந்தக் கணக்கைச் செயலற்றது என்று குறித்துவிடும். அப்படியே பத்து ஆண்டுகள் கடந்தால்தான் அதிலுள்ள தொகை ரிசர்வ் வங்கி பராமரிக்கும் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போகும். உத்கம் தளம் காட்டுவது அந்த நிதிக்குப் போய்ச் சேர்ந்தவற்றை மட்டுமே. நீங்கள் கடைசியாக ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தது 2018 என்றால், 2028 வரை உங்கள் பணம் வங்கியிலேயே இருக்கும், உத்கத்தில் வராது.

ஆகவே தேட வேண்டியது வங்கியில்தான். பழைய சம்பளச் சீட்டு ஒன்று கையில் இருந்தால் கணக்கு எண் பெரும்பாலும் அதிலேயே அச்சாகியிருக்கும். சீட்டு இல்லாவிட்டால் உங்கள் பழைய மின்னஞ்சலில் வங்கியின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அந்த வங்கியின் கிளைக்குப் போய் பான் எண்ணைக் கொடுங்கள். அதை வைத்து வாடிக்கையாளர் எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆதார், பான், ஒரு புகைப்படம் ஆகியவற்றோடு அடையாள விவரங்களைப் புதுப்பித்தால் கணக்கு மீண்டும் உயிர் பெறும். இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. கணக்குத் தொடங்கிய கிளைக்கே போக வேண்டும் என்பதும் இல்லை.

ஒன்றை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டு போங்கள். சம்பளம் வருவது நின்று சில மாதங்களானதும் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறியிருக்கும். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதமும் பிடித்திருக்கலாம். கணக்கு செயலற்றதாகக் குறிக்கப்பட்ட பிறகு அந்த அபராதம் பிடிக்கக் கூடாது. எனவே வேலையை விட்ட நாளிலிருந்து இரண்டரை ஆண்டுகளுக்கான கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கி, கடைசி அபராதம் எந்தத் தேதியில் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்பே கணக்கு செயலற்றதாகியிருந்தால் அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கலாம்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கடைக்காரர்: பத்து வருடம் தாண்டினால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், அப்புறம் கேட்க முடியாது என்கிறார்களே?

பாதி சரி. பத்து ஆண்டுகளில் பணம் வங்கியை விட்டுப் போவது உண்மை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 26ஏ பிரிவின்படி 2014-இல் வந்த திட்டம் அது. கேட்க முடியாது என்பதுதான் தவறு. உரிமை கோர காலக்கெடு எதுவும் கிடையாது. நீங்கள் வங்கியில் கேட்பீர்கள், வங்கி உங்களுக்குக் கொடுத்துவிட்டு நிதியிலிருந்து தான் திரும்பப் பெற்றுக்கொள்ளும். உங்களுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் நேரடிக் கொடுக்கல் வாங்கல் இல்லை.

வட்டியும் உண்டு, ஆனால் குறைவு. அதுவும் தனி வட்டிதான். ஒருவர் தம் சேமிப்புக் கணக்கை 2006 ஜூனில் கடைசியாகத் தொட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2016 ஜூனில் பத்து ஆண்டுகள் முடியும். அடுத்த மாதக் கடைசி வேலை நாளில் வட்டியோடு சேர்த்து 10,000 ரூபாய் நிதிக்குப் போகிறது. 2018 ஜூன் முடிய நான்கு சதவீதம், அதற்கு 766 ரூபாய். அதன்பின் 2021 மே 10 வரை மூன்றரை சதவீதம், அதற்கு ஏறக்குறைய 1,001 ரூபாய். பிறகு மூன்று சதவீதம். 2025 மே 10 வரை நான்கு ஆண்டுகளுக்கு 1,200 ரூபாய். ஆக அந்தத் தேதியில் அவருக்கு 12,967 ரூபாய் வர வேண்டும். கவுண்டரில் சிலர் நிதிக்கு மாற்றிய அசலை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். வட்டிக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். நடப்புக் கணக்காக இருந்தால் மட்டும் வட்டி கிடையாது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு ஆசிரியை: 1998-இல் கல்லூரி உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு. பெயரைக் கொடுத்தால் வரவே இல்லை. பான் அட்டை அப்போது என்னிடம் கிடையாது. வங்கியின் பெயரும் இப்போது மாறிவிட்டது.

அம்மா, நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தேடல் சிக்கலாவதே பெயரால்தான். udgam.rbi.org.in தளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தபின் பெயரும் வங்கியும் கேட்கும். அவற்றோடு பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, பிறந்த தேதி ஆகியவற்றில் ஒன்றாவது வேண்டும்; எதுவும் இல்லாவிட்டால் முகவரியைக் கொடுத்தும் தேடலாம். அன்றைய கணக்கில் பான் பதிவாகியிருக்காதபோது இன்றைய பான் எண்ணைக் கொடுத்தால் எப்படிப் பொருந்தும்? பெயருக்கும் அதே கதிதான். அன்று எழுத்தர் படிவத்தைப் பார்த்து எப்படித் தட்டச்சு செய்தாரோ அப்படித்தான் பதிவில் நிற்கும்.

என் உறவுக்காரப் பெண் ஒருவருக்காக நானே உட்கார்ந்து தேடினேன். அவர் ஆதாரில் KAVITHA SELVARAJ, அதாவது பெயரோடு தந்தையின் முழுப்பெயர். அப்படிக் கொடுத்தோம், இல்லை. S KAVITHA, KAVITHA S, KAVITHA.S என்று முதலெழுத்தை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தோம், அதிலும் இல்லை. திருமணத்துக்குப் பிந்தைய முதலெழுத்தோடு தேடியது வீண் வேலை. கணக்குத் தொடங்கியபோது அவருக்குத் திருமணமே ஆகவில்லை. கடைசியில் h இல்லாமல் S KAVITA என்று போட்டு, பிறந்த தேதியை விட்டுவிட்டு, முகவரிக்கான கட்டத்தில் விடுதியின் ஊரையும் அஞ்சல் குறியீட்டையும் கொடுத்தபோது வந்தது. பிறந்த தேதி ஏன் பொருந்தவில்லை என்பது கிளையில் போய்த்தான் தெரிந்தது: நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாகியிருந்தன. மாணவர் கணக்குக்கு வீட்டு முகவரியைவிட விடுதி முகவரிதான் பெரும்பாலும் பதிவில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

வங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது இன்றைய பெயரைத் தேர்ந்தெடுங்கள், அல்லது எல்லா வங்கிகளையும் குறித்துவிடுங்கள். மதுரா வங்கி 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யோடு சேர்ந்தது. திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி 2020-இல் கனரா வங்கியோடும் இணைந்தன. லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது. எந்த வங்கி சேர்த்துக்கொண்டதோ அதுவே பழைய பொறுப்பையும் ஏற்கிறது.

கிடைத்ததும் திரையில் வரும் குறிப்பு எண்ணை எழுதிக்கொண்டு கிளைக்குப் போங்கள். முதலெழுத்து மாறியிருந்தால் திருமணச் சான்றிதழையோ, தந்தை பெயருள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழையோ உடன் கொண்டுபோனால் பெரும்பாலும் அன்றே முடியும். இரண்டும் இல்லாதவர்களிடம் உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள்.

கும்பகோணத்திலிருந்து ஓய்வு பெற்ற காசாளர்: கேள்வியல்ல, ஒரு சேர்க்கை. பழைய பாஸ்புத்தகத்தில் மூன்று, நான்கு இலக்க எண்தான் இருக்கும். கணினிக்கு மாறியபோது புது எண் கொடுத்தோம். ஒப்பீட்டுப் பதிவேடு கிளையில் இருந்தது. எண் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால் ஏற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வது சரியே. பழைய எண்ணைக் கொண்டு தேடும் வசதி பல வங்கிகளின் மென்பொருளிலேயே இருக்கிறது. இளம் ஊழியர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஆனால் கிளைகளும் இணைக்கப்பட்டுவிட்ட இடங்களில் அந்தப் பதிவேடு எங்கே போனது என்று யாருக்கும் தெரிவதில்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அப்போது பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பதிவு உள்ள பக்கத்தையும் நகலெடுத்து, எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். முப்பது நாள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். முத்திரை இல்லாத மனுவைக் காட்டி முப்பது நாள் கணக்கு சொல்ல முடியாது. பலர் தடுமாறுவது அங்கேதான்.

திருப்பூரிலிருந்து: நானும் தேடினேன் சார். மூன்று கம்பெனிகளில் பிடித்த பி.எஃப். பணம் ஒன்றுகூட உத்கத்தில் இல்லை. இணையதளமே சரியில்லை.

தளத்தின் மேல் குற்றமில்லை. வருங்கால வைப்பு நிதி வங்கி வைப்பே அல்ல. அது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தில் இருக்கிறது. பழைய சம்பளச் சீட்டில் TN/MAS என்பது போலத் தொடங்கும் உறுப்பினர் எண் இருக்கும். மூன்றையும் உங்கள் யு.ஏ.என். எண்ணோடு இணைக்க விண்ணப்பியுங்கள். அஞ்சலகச் சேமிப்பும் உத்கத்தில் வராது, அதற்கு அஞ்சலகத்துக்கே போக வேண்டும்.

சேலத்திலிருந்து: கண்டுபிடித்துத் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள் என்று ஒருவர் அழைக்கிறார்.

கொடுக்காதீர்கள். அவர் செய்யக்கூடிய அதே தேடலை நீங்களே இலவசமாகச் செய்யலாம். தளத்தில் பதிவு செய்யும்போது நீங்களே வைக்கும் கடவுச்சொல்லையும் அங்கிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் தவிர வேறெந்தக் கடவுச்சொல்லும் இதற்குத் தேவைப்படாது. அவற்றையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

ஆம்பூரிலிருந்து ஒரு பெண்: என் அப்பா வேலை செய்த தோல் தொழிற்சாலையில் தொழிலாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருந்தது. மாதம் ஐம்பது ரூபாய் பிடித்தார்கள். தொழிற்சாலை மூடிவிட்டது, அப்பாவும் இல்லை. அந்தப் பணம் எங்கே?

உறுதியான பதிலை என்னால் தர முடியவில்லை, அம்மா. சிக்கன நாணயச் சங்கம் வங்கி அல்லாததால் அதன் பணம் நான் மேலே சொன்ன நிதிக்குப் போவதில்லை. உத்கத்தில் தேடுவதும் பயன் தராது. அது கூட்டுறவுத் துறையின் கீழ் பதிவான சங்கம். மாவட்டக் கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் சங்கத்தின் பதிவு எண்ணைச் சொல்லி, அது கலைக்கப்பட்டதா, கலைக்கப்பட்டிருந்தால் கலைப்பாளர் யார், உறுப்பினர் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பிடித்த பணத்தில் ஒரு பகுதி பங்குத் தொகையாகவும் இருந்திருக்கலாம். அப்படியென்றால் சங்கத்தின் கடன்கள் தீர்ந்தபின் மிஞ்சியதில்தான் அதற்கு வழியுண்டு. அப்பாவின் பழைய சம்பளச் சீட்டுகளில் பிடித்தம் என்ற கட்டத்தில் சங்கத்தின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, இயன்றால் இங்கே எழுதுங்கள். அந்தப் பக்கத்துச் சங்கங்களில் பணியாற்றியவர் யாராவது இங்கே இருந்தால் என்னைவிட அவர்தான் சொல்ல முடியும்.