அறுபது பேப்பரையும் எப்படிப் பிரிப்பது?

"கிராமத்து நோயாளிகளுக்கான டெலிமெடிசின் பற்றி எம்.எஸ்சி. நர்சிங் தீசிஸுக்கு அறுபது பேப்பர் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதினால், 'இது ரிவ்யூ இல்லை, பட்டியல்' என்கிறார் கைடு. அணுகல், பலன், டிஜிட்டல் இடைவெளி என்று எப்படிப் பிரிப்பது? ஒரு சென்டரில் 12,000 ரூபாய்க்கு எழுதித் தருகிறார்களாம், கொடுக்கலாமா?"

வேண்டாம். அப்படி வாங்கிய அத்தியாயம் ஒன்று என்னிடம் திருத்த வந்தது. மேற்கோள்களைத் தேடினேன், இரண்டு பேப்பர்கள் உலகத்திலேயே இல்லை. வைவாவில் மாட்டுவது நீங்கள்தான், சென்டர்காரர் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். அறுபதையும் மூன்று குவியலாகப் பிரிக்கப் பார்க்காதீர்கள். ஒரே பேப்பர் மூன்றிலும் வரும். எக்செல் தாளில் பேப்பருக்கு ஒரு வரி போடுங்கள். அணுகல், பலன், இடைவெளி என மூன்று கட்டங்கள். அவற்றுக்கு முன்னால் இன்னொரு கட்டம்: கருவி யார் கையில் இருந்தது?

இந்தக் கட்டம்தான் முக்கியம். மத்திய அரசின் டெலிமெடிசின் சேவையான இ-சஞ்சீவனியையே பாருங்கள். ஒரு வடிவத்தில் நோயாளி வீட்டிலிருந்து தன் போனில் டாக்டரிடம் பேசுகிறார். இன்னொன்றில் துணை சுகாதார நிலையத்துக்கு நடந்து போகிறார். அங்குள்ள ஊழியர் இணைத்துத் தருகிறார். இரண்டாவதில் நோயாளிக்குப் போனே தேவையில்லை. அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களும் இப்படித்தான்: டெக்னீஷியன் கண்ணைப் பரிசோதிப்பார், டாக்டர் வேறு ஊரிலிருந்து வீடியோவில் பேசுவார். பாட்டிக்கு ஸ்மார்ட்போன் தெரியாதது இங்கே தடையே இல்லை. கரண்டும் நெட்டும் போனால், ஊழியர் லீவில் போனால், அதுதான் தடை. இரண்டு வகையையும் ஒரே பத்தியில் கலந்தால் 'சில ஆய்வுகள் ஆம் என்கின்றன, சில இல்லை என்கின்றன' என்றுதான் எழுத வரும்.

அடுத்து, டிஜிட்டல் இடைவெளியைக் கடைசி அத்தியாயமாக ஒதுக்காதீர்கள். ஒரு கணக்குக்கு, 100 சர்க்கரை நோயாளிகளை அணுகிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ஸ்மார்ட்போன் இல்லாத 40 பேரை முதலிலேயே நீக்கிவிட்டார்கள். மீதி 60 பேரில் 45 பேர் கடைசிவரை வந்தார்கள், 36 பேருக்குச் சர்க்கரை குறைந்தது. 45-இல் 36 என்பதால் சுருக்கத்தில் '80 சதவீதம்' என்று இருக்கும். அணுகிய நூறு பேரை வைத்துப் பார்த்தால் 36 பேருக்குத்தான் பலன் வந்ததாகத் தெரிகிறது. சுருக்கத்தை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது. ஆய்வுமுறைப் பகுதியில் யாரை விலக்கினார்கள் என்ற வரியைத் தேடுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) கிராமப்புறப் பெண்களில் சுமார் நான்கில் ஒருவர்தான் எப்போதாவது இணையம் பயன்படுத்தியிருந்தார். விலக்கப்பட்டவர்கள் யாராக இருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 'கடந்த ஐந்தாண்டு பேப்பர் மட்டும்' என்று ஒரு விதி. யார் போட்டதோ! அதைப் பிடித்துக்கொண்டால் 2020 மார்ச்சில் டெலிமெடிசின் வழிகாட்டுதல் வருவதற்கு முன் நடந்த வேலை எல்லாம் வெளியே போய்விடும். பழைய பேப்பர்களைப் 'பின்னணி' என்று தலைப்பிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். அந்தத் தலைப்பின் கீழ் யாரும் வருடம் பார்ப்பதில்லை.