வலியில்லாத கறுப்புப் புண்ணும் உப்புத் தடவிய தோலும்

கேள்வி: எங்கள் வெள்ளாடு ஒன்று காலையில் பட்டியில் செத்துக் கிடந்தது. முதல் நாள் நன்றாக மேய்ந்த ஆடு. மூக்கில் ரத்தம் கசிந்திருந்தது. மச்சான் தோலை உரித்து, உப்புத் தடவிச் சாக்கில் வைத்திருக்கிறார். கறியை இரண்டு வீட்டார் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஐந்தாம் நாள் அவர் முன்கையில் வந்த கொப்புளம் இப்போது நடுவில் கறுத்துவிட்டது. வலியே இல்லை என்கிறார். இது அடைப்பானா? தோலை விற்கலாமா?

பதில்: அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், என்று சந்தேகிக்க நீங்கள் எழுதியதே போதும். மச்சானை இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, செத்த ஆட்டின் தோலை உரித்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் பூச்சிக்கடி என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு. தோலை விற்கக் கூடாது.

வலியில்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரணச் சீழ்க்கட்டி தொட்டாலே வலிக்கும். அடைப்பான் புண் அரிப்பெடுக்கும் சிறு பருவாகத் தொடங்கி, நீர்க் கொப்புளமாகி, ஓரிரு நாளில் நடுவில் குழிந்து கரிபோல் கறுக்கும். புண்ணின் அளவுக்குப் பொருந்தாத வீக்கம் சுற்றிலும் பரவும். மனிதருக்கு வரும் ஆந்த்ராக்ஸில் பெரும்பகுதி இந்தத் தோல் வகைதான். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றில் 10 முதல் 20 பேர்வரை இறக்கலாம். உரிய ஆன்டிபயாடிக் தொடங்கினால் இறப்பு மிக அரிது. ஆனால் மருந்து கிருமியைக் கொன்ற பின்னும் கறுப்புப் பொருக்கு உதிர இரண்டு மூன்று வாரம் ஆகும். மருந்து கேட்கவில்லை என்று நினைத்துப் பாதியில் நிறுத்துபவர்களும், பொருக்கைக் கீறிப் பிதுக்குபவர்களும் உண்டு, இரண்டும் ஆபத்து.

கிருமி உங்கள் மச்சானிடம் வந்த வழி கத்திதான். நோயுற்ற ஆட்டின் ரத்தத்தில் இந்தக் கிருமி கோடிக்கணக்கில் பெருகி நிற்கும். ஆனால் உடல் திறக்கப்படாமல் இருந்தால் அழுகலிலேயே சில நாளில் பெரும்பாலும் அழிந்துவிடும். உடலைக் கிழித்து ரத்தத்தில் காற்றுப் பட்டதும் அது ஸ்போர் என்னும் விதைநிலைக்கு மாறிக்கொள்கிறது. வெயில், வறட்சி, உப்பு எதற்கும் அந்த விதை எளிதில் சாவதில்லை. ஸ்காட்லாந்தின் க்ரூய்னார்ட் தீவில் 1942-இல் பிரிட்டன் ஆந்த்ராக்ஸ் குண்டுகளைச் சோதித்தது. மண்ணை ஃபார்மலின் கலந்த கடல்நீரால் நனைத்துச் சுத்தம் செய்த பிறகு, 1990-இல்தான் அத்தீவு பாதுகாப்பானது என அறிவிக்கப்பட்டது. சாக்கிலுள்ள உப்பு தோலை அழுகாமல் காக்கும், ஸ்போரைக் கொல்லாது.

ஆகவே அந்தத் தோல் கை மாறும் இடமெல்லாம் ஆபத்தும் கை மாறும். தோல் மண்டியில் சுமப்பவரின் கையிலோ கழுத்திலோ சிராய்ப்பு இருந்தால் அங்கே புண் வரும். காய்ந்த தோலையோ ரோமத்தையோ உதறும்போது எழும் தூசியை இழுத்தால் நுரையீரல் வகை வரலாம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி பிரிக்கும் தொழிலாளரை இந்த வகை தாக்கியதால் அதற்குக் கம்பளித் தொழிலாளர் நோய் என்றே பெயர் வந்தது. ஸ்போர்கள் நுரையீரலிலிருந்து நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போய் முளைக்கின்றன. முதலில் சாதாரணக் காய்ச்சல்போல் தெரிந்து, பிறகு திடீரென மூச்சுத் திணறலாக மாறும். சிகிச்சை இருந்தும் பலர் பிழைப்பதில்லை. சில வாரம் உறங்கிக் கிடந்தும் அவை முளைக்கலாம் என்பதால்தான், தூசியை இழுத்தவருக்கு 60 நாள்வரை மருந்து தரப்படுகிறது.

கறி வாங்கிய இரண்டு வீட்டாருக்கும் உடனே சொல்லியாக வேண்டும். கூச்சம் பார்க்க இது நேரமல்ல. குடல் வகையில் காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி, ரத்தப்போக்கு வரும். சிலருக்குத் தொண்டை வீங்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும் என்றாலும், அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பார்த்தால் தடுப்பு மருந்து தருவார். நன்றாகக் கொதிக்க வைத்தோமே என்பார்கள். சாதாரணச் சமையலின் கொதியை ஸ்போர் தாங்கிவிடும், கறியை நறுக்கிய கையும் தப்பியதாகாது. மீதக் கறி இருந்தால் நாய்க்கும் போடாதீர்கள்.

கால்நடை மருத்துவருக்கு இன்றே தகவல் கொடுங்கள். சாக்கைப் பிரிக்காமல், உதறாமல் அப்படியே வையுங்கள். அவர் மாதிரி எடுத்த பின், தோலையும் ரத்தம் பட்ட மண்ணையும் எரிப்பதையோ ஆழப் புதைப்பதையோ அவர் முன்னிலையில் செய்யுங்கள். மற்ற ஆடுகளுக்கு அவர் தடுப்பூசி போடுவார். அது உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால், அதே நாள்களில் ஆடுகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஊசி வீணாகும். போட்ட பின்னும் பாதுகாப்பு வரச் சுமார் 10 நாள் ஆகும். அதற்குள் இன்னோர் ஆடு செத்தால் அறுக்காமல், உரிக்காமல் மூடி வையுங்கள். காதுமடல் ரத்தக்குழாயிலிருந்து எடுக்கும் ஒரு துளி ரத்தமே கண்ணாடித் தகட்டில் நோயைக் காட்டிவிடும்.