கழுத்தில் சிவப்புச் சிலந்தி

டாக்டர் ஐயா, எனக்கு 28 வயது. ஏழாம் மாதம். கழுத்தில் இரண்டும் வலது முன்கையில் ஒன்றுமாக, சிலந்தி கால் விரித்த மாதிரி சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன. கல்லீரல் கெட்டுப்போனால்தான் இப்படி வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பயமாக இருக்கிறது. எங்கள் அண்ணனுக்கும் (47 வயது, சர்க்கரை உண்டு) நெஞ்சில் ஏழெட்டு இருக்கிறது. அவர் குடிப்பதே இல்லை, அதனால் அவரைப் பற்றிக் கவலையில்லை.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

வணக்கம் அம்மா.

உங்களைப் பற்றி நான் பயப்படவில்லை. கடைசி வரியில் தள்ளிவிட்டீர்களே, அந்த அண்ணனைப் பற்றித்தான் யோசிக்கிறேன்.

முதலில் அது சிலந்திதானா என்று பாருங்கள். பிள்ளைகள் வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேலை அதன் மேல் வைத்து அழுத்துங்கள். சிவப்பு மறைந்துவிட வேண்டும். ஸ்கேலை எடுத்ததும் நடுப்புள்ளி முதலில் சிவந்து, அங்கிருந்து கால்களுக்கு ரத்தம் ஓடும். நடுவில் இருப்பது ஒரு குட்டித் தமனி, கால்கள் அதன் கிளைகள். நாங்கள் இதை ஸ்பைடர் நீவஸ் என்போம். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் மங்கலாகத்தான் தெரியும், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களின் நெஞ்சில் கால்களே இல்லாமல், உருண்டையாக, சற்றே மேடாக வரும் சிவப்புப் புள்ளிகள் வேறு. அழுத்தினாலும் அவை முழுதாக மறையாது. அவற்றால் தொந்தரவில்லை.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, தோலின் சிறு நாளங்கள் விரிகின்றன. உங்களுக்கு வந்தது அப்படித்தான் இருக்க வேண்டும். பிரசவமான சில வாரங்களிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். கர்ப்பம் இல்லாமலேயே, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் ஒன்றிரண்டு இருப்பது சகஜம். ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிப்பே இல்லாமல் அரித்தால், குறிப்பாக இரவில், அல்லது கண் மஞ்சளானால், அன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பித்தம் தேங்குவதன் அறிகுறி. அதற்கும் இந்தப் புள்ளிகளுக்கும் சம்பந்தமில்லை.

சரி, அண்ணன். ஈஸ்ட்ரோஜன் ஆண்களின் உடம்பிலும் கொஞ்சம் சுரக்கிறது. அதை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கினால் அந்த வேலை தடைபடும், நாளங்கள் உங்களுக்கு விரிந்தது போலவே விரியும். முகம், கழுத்து, மேல் நெஞ்சு, கைகள் என்று இடமும் அதேதான். அதனால்தான் ஓர் ஆணுக்கு மூன்றைத் தாண்டினால் நாங்கள் நிமிர்ந்து உட்காருகிறோம். குடிக்காதவர் என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை. சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்தால் கொழுப்புக் கல்லீரல் வரும், அது சத்தமே போடாமல் சிரோசிஸ் என்ற அந்தத் தழும்பேறிய நிலை வரை போகும். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் மதுவைக் கேட்டுவிட்டு வருவதில்லை.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். வயது 52, மளிகைக் கடைக்காரர், பன்னிரண்டு வருடச் சர்க்கரை, வெற்றிலை கூடப் போடாதவர். இருமலுக்காக வந்தார். ஸ்டெதஸ்கோப் வைக்கச் சட்டையைத் திறந்தபோது ஆறு சிலந்திகள். உள்ளங்கை ஓரங்களும் சிவந்திருந்தன. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளான ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 36. ‘லேசாத்தானே கூடியிருக்கு டாக்டர்?’ என்றார். நான் பார்த்தது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை: 1,04,000, குறைவு. கல்லீரல் தழும்பேறினால் மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

தழும்பு எந்த அளவு என்று கணிக்க ஃபிப்-4 என்று ஓர் எளிய கணக்கு உண்டு. வயதையும் ஏ.எஸ்.டி.யையும் பெருக்க வேண்டும், 52 × 48 = 2,496. ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தை (36க்கு 6) ஆயிரக்கணக்கிலான தட்டணுவால் (104) பெருக்கினால் 624. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 4. பொதுவாக 1.3க்குக் கீழே என்றால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு குறைவு, 2.67ஐத் தாண்டினால் விடக்கூடாது. கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தோம், சிரோசிஸ். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் ரத்த நாளங்கள் புடைக்கத் தொடங்கியிருந்தன. ரத்த வாந்தி வருவதற்கு முன்பே மாத்திரை ஆரம்பிக்க முடிந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்கிறார், கடையும் நடக்கிறது.

இதற்காக அண்ணனுக்கும் அதேதான் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அவை கால் இல்லாத புள்ளிகளாகவே இருக்கலாம். சிலந்திதான் என்றால் கல்லீரல் பரிசோதனை, தட்டணுக்கள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., ஹெபடைடிஸ் பி, சி, வயிற்று ஸ்கேன் எல்லாம் இந்த மாதமே எடுக்கச் சொல்லுங்கள். தைராய்டையும் சேர்த்துப் பார்க்கட்டும், அது அதிகமாகச் சுரந்தாலும் இவை வரும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கொழுப்பு மட்டும்’ என்று இருந்தால் அதோடு நிறுத்தாமல் ஃபிப்-4 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், தொடக்கநிலைச் சிரோசிஸை ஸ்கேன் தவறவிடுவது உண்டு.