சாட்சிக்கு நன்றிக் கடிதம்: எதை எழுதுவது, எதை விடுவது?

"காரைக்குடியில் எங்கள் ஹோட்டலின் உள்ளகப் புகார்க் குழுவில் இருக்கிறேன். மேலாளர் மீதான பாலியல் தொல்லைப் புகாரில் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் சாட்சி சொன்னார். அவருக்குக் கடிதம் எப்படி எழுதுவது?"

விசாரணை முடியும் முன்பே கொடுங்கள். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி" என்று எழுதாதீர்கள். குழு முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டது என்று எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். "நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி" போதும். புகார்தாரர், மேலாளர் பெயர்களும் வேண்டாம். கடிதம் வீட்டில் யார் கையிலும் சிக்கலாம்.

ரகசியம் பற்றி இப்படி எழுதலாம்: "விசாரணையில் கேட்டதையும் சொன்னதையும் சக ஊழியர்களிடமோ வாட்ஸ்அப்பிலோ பகிர வேண்டாம். காவல்துறை, வழக்கறிஞரை அணுக இது தடையல்ல." பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டத்தின் 16-ஆம் பிரிவு சாட்சியின் அடையாளத்தையும் வெளியிடத் தடை செய்கிறது. ஆனால் "உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; பதில் சொல்ல மேலாளருக்கு அந்த வாக்குமூலம் போகக்கூடும்.

பாதுகாப்பு வரிதான் முக்கியம். "பழிவாங்கல் கூடாது" என்றால் அவருக்குப் புரியாது. ஷிஃப்ட் மாற்றம், விடுப்பு மறுப்பு, சம்பளப் பிடித்தம், மிரட்டல் என்று பெயர் சொல்லி எழுதி, நடந்தால் அழைக்க வேண்டியவரின் எண்ணையும் சேருங்கள். அவருடைய ஷிஃப்டை அந்த மேலாளரே போடுகிறார் என்றால், கடிதம் கொடுக்கும் முன் நிர்வாகத்திடம் சொல்லி அதை வேறொருவருக்கு மாற்றுங்கள்.

மூடிய உறையில் நேரில் கொடுத்து, தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.