வாலட்டில் 18,400 ரூபாய் முடக்கம்: புகாரில் என்ன எழுதுவது?

"வாலட்ல 18,400 ரூபா மாட்டிக்கிச்சு. 'பாதுகாப்புக் காரணம்'னு மட்டும் சொல்றாங்க. எப்படிப் புகார் எழுதுறது?"

முதலில் முடக்கியது யார் என்று கேளுங்கள், ஏனென்றால் அடுத்து போகவேண்டிய இடமே அதைப் பொறுத்துத்தான் மாறும். கே.ஒய்.சி. குறையாலோ சந்தேகத்தாலோ நிறுவனமே முடக்கியிருக்கலாம், இல்லை சைபர் கிரைம் போலீஸ் சொல்லி முடக்கியிருக்கலாம். சாட்டில் கேட்டால் நழுவுவார்கள். குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்:

"இந்தத் தேதி முதல் என் கணக்கில் 18,400 ரூபாய் முடக்கப்பட்டுள்ளது. எந்த விதியின்படி, யார் உத்தரவால் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். போலீஸ் உத்தரவு என்றால் காவல் நிலையம், புகார் எண், சர்ச்சைக்குரிய தொகை ஆகியவற்றைத் தரவும். உத்தரவு இல்லையெனில் பணத்தை என் வங்கிக் கணக்குக்குத் திருப்பவும்."

இந்த மின்னஞ்சலுக்கு நிறுவனம் தரும் புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம், கட்டணம் கிடையாது. நிறுவனத்திடம் எழுதாமல் நேரே அங்கே போனால் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

போலீஸ் முடக்கம் என்றால் ஆம்புட்ஸ்மேன் அதை நீக்க முடியாது. உங்களுக்கு வந்த 2,000 ரூபாய்தான் சர்ச்சை என்று வைத்துக்கொள்வோம், அது எதற்காக வந்தது என்ற பில், அரட்டைப் பதிவோடு அந்தக் காவல் நிலையத்துக்கு எழுதி, 2,000 போக மீதி 16,400-ஐ விடுவிக்கக் கேளுங்கள். மறுத்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடவேண்டும்.

அப்புறம், பரிவர்த்தனைப் பட்டியலை இன்றைக்கே பதிவிறக்கிவிடுங்கள், செயலிக்குள் நுழைவதையே தடுத்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது.