சுங்கத் தணிக்கை: மோல்டு செலவுக்கும் எச்.எஸ். கோடுக்கும் எந்த ஆவணம் நிற்கும்?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. சீனாவிலிருந்து ரப்பர் குரோமெட், அதாவது வண்டியில் கம்பி நுழையும் துளையில் பொருத்தும் வளையம், இறக்குமதி செய்கிறோம். முதல் சரக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆன பிறகு இப்போது சுங்கத் தணிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. சரக்கின் வகையைக் காட்டப் போட்ட எச்.எஸ். கோடும் காட்டிய மதிப்பும் சரிதான் என்று நிரூபிக்க எந்தெந்த ஆவணங்களை வைத்திருக்க வேண்டும்?

பதில்:

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உங்களைப் போன்ற நிறுவனங்களின் இறக்குமதிக் கணக்குகளைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், நடைமுறையில் கண்டதை வைத்து எழுதுகிறேன். கடிதம் வந்ததும் பலரும் முதலில், சரக்கை இறக்கும்போது சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரிக் கோப்பைத்தான் தேடுகிறார்கள். ஆனால் அந்த விவரம் முழுவதும் துறையின் கணினியிலேயே இருக்கிறது. தணிக்கை அதிகாரி அதைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் உங்களுக்குக் கடிதம் எழுதுகிறார். அவரிடம் இல்லாதது உங்கள் கணக்குப் புத்தகம். ஆகவே அவருடைய கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

"துறைமுகத்தில் விடுவித்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லையே" என்ற வாதம் எடுபடாது. 2011 முதல் வரியைக் கணித்துச் சொல்வது இறக்குமதியாளரின் பொறுப்பு. பெரும்பாலான சரக்குகள் அதிகாரி திறந்து பார்க்காமலே வெளியேறுகின்றன. அதற்கு ஈடாகத்தான் 2018இல் சுங்கச் சட்டத்தில் 99ஏ பிரிவைச் சேர்த்து, அதே ஆண்டு தணிக்கைக்கென்று தனி ஒழுங்குமுறையும் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு வந்த கடிதம் குறிப்பிட்ட சில பில்களைப் பற்றி மட்டும் விவரம் கேட்கிறதா, நிறுவனத்துக்கே வந்து பார்க்கப்போவதாகச் சொல்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள். நேரில் வருவதாக இருந்தால் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும்.

ஆவணங்களில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது, ஆண்டு முழுவதும் வெளிநாட்டுக்குப் போன பணத்தையும் பில் ஆஃப் என்ட்ரிகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டும் ஒரு தாள். வங்கி பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் நகல், அதற்காக வருமான வரித் துறைக்குக் கொடுத்த 15சிஏ படிவங்கள், டேலியில் உள்ள சப்ளையர் லெட்ஜர் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்தால், எந்தப் பில்லோடும் சேராத தொகை எது என்று தெரிந்துவிடும். அதிகாரி தேடுவதும் அந்தத் தொகையைத்தான். குரோமெட் போன்ற பொருளில் அது அநேகமாக மோல்டுக்குக் கொடுத்த பணமாக இருக்கும்.

நம் பக்கத்து நிறுவனம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்; தொகைகளை மட்டும் கணக்குக்கு எளிதாக மாற்றியிருக்கிறேன். சீன சப்ளையரிடம் புதிய மோல்டு செய்ய 18,000 டாலர் தனி இன்வாய்ஸில் கொடுத்தார்கள். மோல்டு அங்கேயே இருந்தது. குரோமெட் ஒன்றுக்கு 0.40 டாலர் என்று விலை பேசி, சரக்குக்கு 60,000 வீதம் நான்கு சரக்குகளை இறக்கினார்கள், எல்லாவற்றிலும் 0.40 டாலரைத்தான் மதிப்பாகக் காட்டினார்கள். கணக்கரோ 18,000 டாலரை டூலிங் சேவைக் கட்டணம் என்று பதிந்து, சேவை இறக்குமதி என நினைத்து, வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜில் ஜி.எஸ்.டி.யும் கட்டிவிட்டார். வந்த அதிகாரி லெட்ஜரில் அந்தப் பதிவின் மேல் பேனாவை வைத்து, "இதற்குப் பில் ஆஃப் என்ட்ரி எது சார்?" என்று கேட்டார். அன்றைய தணிக்கையில் மீதி எல்லாமே அந்த ஒரு பதிவைப் பற்றித்தான்.

2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10ஆம் விதி, சரக்கைச் செய்யப் பயன்படும் கருவி, டை, மோல்டு ஆகியவற்றை வாங்குபவர் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுத்தால் அவற்றின் மதிப்பைச் சரக்கின் மதிப்போடு சேர்க்கச் சொல்கிறது. மோல்டை நீங்கள் அனுப்பவில்லை, சப்ளையரே செய்துகொள்ளப் பணம்தான் கொடுத்தீர்கள் என்றாலும் நிலைமை மாறாது. சரக்குக்காகக் கொடுத்த மொத்த விலையில் அதுவும் ஒரு பகுதி என்றே பார்ப்பார்கள். எனவே சேர்க்க வேண்டுமா என்பதில் வாதாடி நேரத்தை வீணாக்குவதைவிட, எப்படிப் பிரித்துச் சேர்ப்பது என்பதில் கவனம் வைப்பது நல்லது என்பது என் கருத்து.

அந்த விதிக்கான விளக்கக் குறிப்பு இதற்கு வழி விடுகிறது. மோல்டு மதிப்பு முழுவதையும் முதல் சரக்கிலேயே ஏற்றலாம். முதல் சரக்கு கிளம்பும்வரை உற்பத்தியான எண்ணிக்கையின் மேல் பிரிக்கலாம். உறுதியான கொள்முதல் ஒப்பந்தம் இருந்தால் எதிர்பார்க்கும் மொத்த உற்பத்தியின் மேலும் பிரிக்கலாம். எதுவானாலும் கணக்கியல் நெறிக்கு ஒத்துவர வேண்டும், காட்ட ஆவணம் வேண்டும். அந்த நிறுவனத்திடம் 3,00,000 குரோமெட் வாங்குவதாக இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தது. ஆகவே ஒரு குரோமெட்டுக்கு 0.06 டாலர், ஒரு சரக்குக்கு 3,600 டாலர், வந்து சேர்ந்த நான்கு சரக்குகளுக்கு 14,400 டாலர் என்று காட்ட முடிந்தது. ஐந்தாவது சரக்கில் மீதி 3,600 டாலரை அவர்களே சேர்த்துக் காட்டினார்கள். டாலருக்கு 85 ரூபாய், அடிப்படை வரி 10 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 14,400 டாலர் என்பது 12,24,000 ரூபாய். அதற்கு அடிப்படை வரி 1,22,400 ரூபாய், அதன் மேல் சமூக நல உபரிவரி 12,240 ரூபாய். ஐ.ஜி.எஸ்.டி. தனி. ஒப்பந்தம் இல்லாமல் வெறும் கொள்முதல் ஆர்டர்களும் வாய்ப்பேச்சும் மட்டும் இருந்திருந்தால், 18,000 டாலரும் முதல் சரக்கில் ஏறியிருக்கும். வரி கூடுவது ஒருபுறம் இருக்க, ஆண்டுக்கு 15 சதவீத வட்டியும் முழுத் தொகைக்கும் முதல் சரக்கின் நாளிலிருந்தே ஓடியிருக்கும்.

இங்கே வரைபடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரோமெட்டின் டிசைனை உங்கள் ஓசூர் பொறியாளர்களே செய்து கொடுத்திருந்தால் அந்தச் செலவைச் சேர்க்க வேண்டியதில்லை. இந்தியாவுக்கு வெளியே நடந்த பொறியியல், டிசைன் வேலைக்குத்தான் விதி பொருந்தும். ஆனால் இங்கேதான் நடந்தது என்று காட்டுவது உங்கள் வேலை. திருத்த எண்ணும் தேதியும் உள்ள வரைபடங்கள், அவற்றைச் சப்ளையருக்கு அனுப்பிய மின்னஞ்சல், அந்தப் பொறியாளரின் சம்பளப் பதிவு ஆகியவை போதும். மின்னஞ்சல்களை ஊழியர் வேலையை விட்டுப் போகும்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ஓசூரில் ஆள் மாறும் வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல.

இனி கோடு. குரோமெட் காரில் போகிறது, அதனால் 8708இல் வரும் வாகன உதிரிபாகம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சுங்கப் பட்டியலின் 17ஆம் பகுதிக் குறிப்பு 2, கடின ரப்பர் அல்லாத வல்கனைஸ் செய்த ரப்பர் பொருள்களை வாகன உதிரிபாகம் என்ற வகையிலிருந்தே விலக்கி 4016க்கு அனுப்புகிறது. எந்த வண்டிக்கு, எந்தப் பாக எண்ணில் செய்தது என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. ஆகவே உங்கள் கோப்பு நிரூபிக்க வேண்டியது பொருளின் தன்மையை: ரப்பர் வகையும் கடினத்தன்மையும் எழுதிய சோதனைச் சான்று, வரைபடம், ஒரு மாதிரி, அதோடு எந்தக் குறிப்பைப் பார்த்து இந்தக் கோடுக்கு வந்தீர்கள் என்று அரைப்பக்கக் குறிப்பு. உலோகத் துண்டு ஒட்டிய பாகமானால் வாதம் வேறு. அதை இந்தக் குறிப்புக்குள் திணிக்காமல் தனியாக எழுதுங்கள்.

அந்த அரைப்பக்கத்தில் தேதி இருப்பது முக்கியம். கடிதம் வந்த பிறகு எழுதியதற்கு முன்தேதி போடாதீர்கள். கணினிக் கோப்பின் தேதியே அதைக் காட்டிக்கொடுத்து, நேர்மையான கருத்து வேறுபாட்டைப் பொய்யாக்கிவிடும். சாதாரண நிலையில் வரி கோரி நோட்டீஸ் அனுப்பத் துறைக்கு இரண்டு ஆண்டுதான் உண்டு. உண்மையை மறைத்தார், வேண்டுமென்றே தவறாகச் சொன்னார் என்று காட்டினால் ஐந்து ஆண்டு, வரிக்குச் சமமான அபராதமும் சேரும். முதல் சரக்கின்போதே எழுதிய குறிப்பு, நீங்கள் யோசித்துத்தான் முடிவெடுத்தீர்கள் என்பதற்குச் சான்று. அதனால்தான் மதிப்பு அறிவிப்புப் படிவத்தில் மோல்டு போன்ற சேர்ப்புகள் உண்டா என்ற இடத்தில் உங்கள் சுங்க முகவரான சி.எச்.ஏ. வழக்கமாக "இல்லை" போடுவதைப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது என்கிறேன். மறைத்தீர்கள் என்று சொல்ல அதிகாரி முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.

கோடைப் பொறுத்தவரை நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு வேறொன்று. இறக்குமதியில் 4016 என்று காட்டிய அதே குரோமெட்டை, வாகன நிறுவனத்துக்கு விற்கும் ஜி.எஸ்.டி. இன்வாய்ஸில் 8708 என்று போட்டிருப்பார்கள். வாடிக்கையாளரின் கொள்முதல் ஆர்டரில் அப்படி இருந்தது என்பார்கள். வகைப்பாட்டை மாற்ற விரும்பும் துறைதான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சட்ட நிலை. ஆனால் உங்கள் விற்பனை இன்வாய்ஸே அந்த வேலையை அவர்களுக்கு எளிதாக்கிவிடும். அதை இன்றே சரிபார்த்து, வாடிக்கையாளருக்கு எழுதித் திருத்துங்கள்.

ஆவணங்களை எத்தனை ஆண்டு வைப்பது என்று குழம்ப வேண்டாம். சுங்கத்தின் நீண்ட காலக்கெடு ஐந்து ஆண்டு. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களுக்கு எட்டு நிதியாண்டு. இரண்டையும் எட்டிலேயே வைத்துவிட்டால் தனித்தனி பீரோ தேவைப்படாது.

இப்போது உங்கள் நிலையில் செய்ய வேண்டியது ஒன்று. தணிக்கை அறிக்கை எழுதுமுன் ஆட்சேபத்தைச் சொல்லி உங்கள் விளக்கத்தைக் கேட்பார்கள். ஒப்பந்தம், பிரிப்புக் கணக்கு, சோதனைச் சான்று எல்லாவற்றையும் அப்போதே பக்க எண் போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முதன்முறையாக மேல்முறையீட்டில் நீட்டும் தாளைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பொருத்திப் பார்த்ததில் மோல்டுக்கு வரி கட்ட வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்தால், 2025இல் வந்த 18ஏ பிரிவின்படி பில்லைத் தாமே திருத்தும் வழி தணிக்கை தொடங்கிய சரக்குகளுக்குக் கிடைக்காது. ஆனால் நோட்டீஸ் வருமுன் வரியையும் வட்டியையும் கட்டி எழுத்தில் தெரிவித்தால், மறைப்புக் குற்றச்சாட்டு இல்லாத வரையில், 28ஆம் பிரிவின்படி அந்தத் தொகைக்கு நோட்டீஸ் வராது, அபராதமும் இல்லை. முதல் சரக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது என்கிறீர்கள். இரண்டு ஆண்டு முடியுமுன் நோட்டீஸ் அனுப்பிவிட வேண்டுமே என்ற அவசரம் அதிகாரிக்கும் இருக்கும். கணக்கை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.