எட்டு எண்ணுக்குப் பரிசு தரும் பகடைப் பலகை: லாபம் யாருக்கு?

"எங்க ஊர் அம்மன் கொடைக்கு வந்த ஒரு கடையில ரெண்டு பகடை உருட்டுற விளையாட்டு. ஒரு ஆட்டத்துக்குப் பத்து ரூபாய். பரிசுப் பலகையை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். கூட்டுத்தொகை 2, 12 வந்தா 50 ரூபாய்; 3, 11-க்கு 20; 4, 10-க்கு 10; 5, 9-க்கு 5; 6, 7, 8-க்கு ஒண்ணும் கிடையாது. பதினோரு வரியையும் கூட்டி 11-ஆல வகுத்தா 15 ரூபாய்க்கு மேல வருது. அப்போ ஆடுறவங்களுக்குத்தானே லாபம்? ஆனா என் தம்பி 40 ஆட்டம் ஆடி 135 ரூபாயை விட்டுட்டான். பகடையில ஏமாத்துறாங்களா?"
— ஒரு வாசகர், தக்கலை

பகடை சுத்தமானதாக இருந்தாலும் இந்தப் பலகையில் லாபம் கடைக்காரருக்குத்தான். நீங்கள் சொன்ன எண்களே சரி என்றால், ஒவ்வொரு பத்து ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 22 காசு அவர் பக்கம் போகும். தம்பி விட்ட பணத்துக்குப் பகடையில் ஏமாற்று வேலை இருந்தாக வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் கணக்கு தவறியது வகுத்த இடத்தில்தான். 11-ஆல் வகுத்தபோது, பதினோரு கூட்டுத்தொகையும் ஒரே அளவு அடிக்கடி வரும் என்று எடுத்துக்கொண்டீர்கள். மார்த்தாண்டம் சந்தையில் 600 ரூபாய்க்கு ஒரு செந்துளுவன் குலையும், தலா 200 ரூபாய்க்குப் பத்து மட்டிக் குலையும் வாங்கியவர், ஒரு குலை சராசரியாக 400 ரூபாய் என்று சொல்ல மாட்டார் அல்லவா? எந்த விலையில் எத்தனை குலை என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பார். இங்கேயும் அதேதான்.

ஒரு பகடை சிவப்பு, இன்னொன்று வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் ஆறு, வெள்ளையில் ஆறு, ஆக மொத்தம் 36 விதமாக விழலாம். 12 வர ஒரே வழிதான், இரண்டிலும் 6 விழ வேண்டும். 11 வர இரண்டு வழி: சிவப்பில் 5, வெள்ளையில் 6, அல்லது சிவப்பில் 6, வெள்ளையில் 5. 7 வருவதற்கோ ஆறு வழி. கால்குலஸை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே 11-உம் 12-உம் சம வாய்ப்புள்ளவை என்று நினைத்திருக்கிறார். அதனால் இந்த இடத்தில் சறுக்கியதற்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

இனி ஒவ்வொரு வரியிலும் பரிசை, அது வரும் வழிகளால் பெருக்குவோம்.

| கூட்டுத்தொகை | பரிசு (ரூ.) | மொத்த வழிகள் | பெருக்கல் |
|---|---|---|---|
| 2, 12 | 50 | 2 | 100 |
| 3, 11 | 20 | 4 | 80 |
| 4, 10 | 10 | 6 | 60 |
| 5, 9 | 5 | 8 | 40 |
| 6, 7, 8 | 0 | 16 | 0 |

கூட்டினால் 280. அதை 36-ஆல் வகுத்தால் 7 ரூபாய் 78 காசு. இதுதான் ஒரு ஆட்டத்தின் எதிர்பார்ப்பு மதிப்பு. கட்டுவது பத்து ரூபாய், சராசரியாகத் திரும்பி வருவது இவ்வளவுதான்.

பலகையை எழுதியவர் விவரமானவர். எட்டு எண்ணுக்குப் பரிசு, மூன்றுக்கு மட்டும் இல்லை என்று பார்க்கும்போது கை தானாகப் பைக்குள் போகும். ஆனால் அந்த மூன்று எண்களே 36-இல் 16 வழிகளைப் பிடித்துக்கொள்கின்றன. அப்புறம், 5-உம் 9-உம் வந்தால் கிடைக்கும் 'பரிசு' ஐந்து ரூபாய். பத்தைக் கொடுத்து ஐந்தை வாங்குவது நஷ்டம்தான். 4-க்கும் 10-க்கும் போட்ட காசு அப்படியே திரும்பும், அவ்வளவுதான். உண்மையில் பணம் கூடுவது 2, 3, 11, 12 வரும்போது மட்டும். 36-க்கு 6 வழி, அதாவது ஆறு ஆட்டத்துக்கு ஒன்று.

இதே பலகையை நியாயமானதாக்க எவ்வளவு மாற்ற வேண்டும் என்றும் பார்க்கலாம். 36 ஆட்டத்துக்கு வசூல் 360 ரூபாய். பரிசாகப் போவது 280. குறைகிற 80-ஐ 2, 12 ஆகிய இரண்டு வரிகளில் பிரித்துப் போட்டால், 50 இருக்கும் இடத்தில் 90 இருக்க வேண்டும். அப்போதுதான் யாருக்கும் சாய்வு இல்லாத ஆட்டம்.

சரி, இனி உங்கள் போட்டோவுக்கு வருகிறேன். முடிவையே புரட்டிப்போடும் இரண்டு சந்தேகங்கள் அதில் இருக்கின்றன. ஒன்று, 9-க்கு நேரே ஃபிளாஷ் பட்டு 5-க்குப் பக்கத்தில் வெளுத்துக் கிடக்கிறது. அது 50 என்றால் சராசரி 12 ரூபாய் 78 காசாகிவிடும், ஆடுபவருக்கு லாபம். ஆனால் 2-க்கும் 12-க்கும் ஒரே பரிசு, 3-க்கும் 11-க்கும் ஒரே பரிசு என்று பலகை மேலும் கீழும் ஒத்துப்போவதால், 5-க்கு உள்ள அதே ஐந்துதான் 9-க்கும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

மற்றது இன்னும் முக்கியம். பரிசோடு கட்டிய பத்து ரூபாயும் திரும்பக் கிடைக்குமா? போட்டோவின் அடியில் ஒரு வரி பாதியோடு வெட்டுப்பட்டிருக்கிறது, விதி அதில் இருந்திருக்கலாம். பரிசு விழும் 20 வழிகளிலும் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால், 280-உடன் 200 சேர்ந்து 480 ஆகும். சராசரி 13 ரூபாய் 33 காசு. அப்படி நடத்தினால் கடைக்காரர் கொடை முடிவதற்குள் கையைச் சுட்டுக்கொள்வார். தம்பியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: 4 விழுந்தபோது கையில் வந்தது பத்தா, இருபதா? பத்து என்றால் என் கணக்கு நிற்கும்.

தம்பியின் 135 ரூபாய்க்கும் அது பொருந்துகிறது. 40 ஆட்டத்தில் எதிர்பார்க்கும் இழப்பு சுமார் 89 ரூபாய். அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கத்தைத் திட்ட விலக்கமாகச் சொன்னால் சுமார் 76 ரூபாய். ஆக, 13 முதல் 165 வரை எவ்வளவு போயிருந்தாலும் அது சாதாரணம்தான். அந்த ஒரு தொகையை வைத்துப் பகடையைக் குற்றம் சொல்ல முடியாது.

பகடையைச் சோதிக்க வேண்டுமானால் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். ஒழுங்கான பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 7 வரும்: 1-க்கு எதிரே 6, 2-க்கு எதிரே 5, 3-க்கு எதிரே 4. மோசடிப் பகடை ஒன்றில் 3, 4, 5 மட்டும் இரண்டிரண்டு முறை, எதிரெதிரே குறித்திருக்கும். ஒரு நேரத்தில் மூன்று முகங்களுக்கு மேல் கண்ணில் படாது என்பதால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. இரண்டில் ஒன்று அப்படி இருந்தால் 2, 3, 12 ஒருநாளும் விழாது. சராசரியும் 4 ரூபாய் 17 காசாகச் சரிந்துவிடும்.

கையில் தர மறுத்தால், தள்ளி நின்று 180 உருட்டல்களை எண்ணுங்கள். சுத்தமான பகடையில் 7 சுமார் 30 தடவை வரும். 20-க்கும் 40-க்கும் இடையில் இருந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான் சொன்ன மோசடிப் பகடையிலும் 7 இதே அளவுதான் வரும். அதனால் 2-ஐயும் 12-ஐயும் சேர்த்து எண்ணுங்கள். அவை பத்துத் தடவை வாக்கில் வர வேண்டும். 180-இல் ஒன்றுகூட வராவிட்டால் அங்கே பகடைதான் குற்றவாளி. முகம் எல்லாம் சரியாக இருந்து, ஒரு பக்கம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றியிருந்தால் மட்டும் இத்தனை உருட்டலில் பிடிபடாது. அதற்கு ஒவ்வொரு பகடையின் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக ஆயிரக்கணக்கில் எண்ண வேண்டியிருக்கும்.